ஒற்றைப்படைப் பண்டில்

செல்லத்தாயக்கா வகுப்புக்கு வரும்போது கையில் ஒரு அட்டை இருக்கும். பனியன் கழுத்தில் சைஸும் விலையும் போட்டுத் தொங்கவிடுவார்களே, அந்த அட்டை. அச்சு சரியில்லை என்று கம்பெனியில் கழித்துப்போட்டது. கேள்வித்தாளில் ‘தகவல் போதுமா’ என்ற பகுதி வந்ததும் அந்த அட்டையால் இரண்டாவது கூற்றை மூடிவிட்டு முதல் கூற்றை மட்டும் படிப்பார். அப்புறம் முதல் கூற்றை மூடிக்கொண்டு இரண்டாவதைப் படிப்பார். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது கடைசியில்தான், அதுவும் தேவை இருந்தால்.

“எதுக்குங்க்கா மூடறீங்க? கண்ணு பட்டுருமா?” என்று பக்கத்து பெஞ்சில் யாராவது கேட்பார்கள்.

“முதல்ல படிச்சது மண்டைக்குள்ளயே நிக்கும். ரெண்டாவதப் படிக்கையில அதுவும் கூட வந்து ஒட்டிக்கிடும். அப்பொறம் ரெண்டாவது மட்டுமே போதும்னு தோணும், போதாது. அதான் மூடுதேன்” என்பார். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஒன்பது வயதில் திருப்பூருக்கு வந்தவர். இருபது வருஷத்துக்கு மேலாகியும் அந்தப் பேச்சு போகவில்லை.

வங்கித் தேர்வுக்குப் படிக்காதவர்களுக்கு இந்தக் கேள்விகள் விசித்திரமாகத் தெரியும். ஒரு கேள்வி, அதன் கீழே இரண்டு கூற்றுகள். கேள்விக்கு விடை கண்டுபிடிக்கச் சொல்ல மாட்டார்கள். கொடுத்திருக்கும் கூற்றுகளை வைத்து விடை சொல்ல முடியுமா என்று மட்டும் கேட்பார்கள். முதல் கூற்று மட்டும் போதுமென்றால் ஒன்று. இரண்டாவது மட்டும் போதுமென்றால் இரண்டு. எது ஒன்று இருந்தாலும் போதுமென்றால் மூன்று. இரண்டும் சேர்ந்தும் போதாதென்றால் நான்கு. இரண்டும் சேர்ந்தால்தான் போதுமென்றால் ஐந்து.

ராயபுரத்தில் ஒரு லேபிள் கடையின் மாடியில் ராஜவேல் சார் நடத்தும் பயிற்சி மையத்தில் கேள்வித்தாள் தயாரிப்பது என் வேலை. நாற்பது பேர் முன்னால் நின்று பேச எனக்கு வராது. பாடம் சார் நடத்துவார். நான் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் ஒரு மேஜையில் உட்கார்ந்து யார் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். அதை வைத்து அடுத்த தாள் போடுவேன். அப்படித்தான் செல்லத்தாயக்காவைக் கவனிக்க ஆரம்பித்தேன்.

ஒரு நாள் சார் போர்டில் எழுதினார். ஒரு பெண்ணின் வயது என்ன? முதல் கூற்று: அவள் வயதும் தங்கை வயதும் சேர்ந்து நாற்பது. இரண்டாவது கூற்று: அவள் தங்கையைவிட ஆறு வயது மூத்தவள். முன் பெஞ்சில் இருந்த அர்ஹம், என் அம்மாவின் தங்கை மகன், நோட்டில் கிறுக்கிக்கொண்டிருந்துவிட்டுக் கையைத் தூக்கினான்.

“இருபத்தி மூணுங்க சார்!”

“யாரு கேட்டா?” என்றார் செல்லத்தாயக்கா.

“வயசுங்க்கா. அவளுக்கு இருபத்தி மூணு, தங்கச்சிக்குப் பதினேழு.”

“அவள மாப்பிள்ளைக்குக் காட்டவா போறிய? கூட்டினா எம்புட்டுன்னு ஒண்ணு, கழிச்சா எம்புட்டுன்னு ஒண்ணு. ரெண்டும் இருந்தா வயசு வந்துரும். வரும்னு தெரிஞ்சாச்சுல்லா? அஞ்சுன்னு போட்டுட்டு அடுத்த கேள்விக்குப் போவ வேண்டியதுதான. நீங்க தங்கச்சி வயசு வரைக்கும் போயிட்டு வாரிய.”

வகுப்பே சிரித்தது. அர்ஹமும் சிரித்தான். அவன் நல்ல பையன். இதில் அவன் மேல் எந்தக் குற்றமும் இல்லை என்பதை முதலிலேயே எழுதிவிட வேண்டும்.

அக்காவுக்கு அம்மா இல்லை. அப்பா அழகுமலை, துணி வெட்டியதில் மிஞ்சும் கட்டிங் வேஸ்டைப் பிரிக்கும் குடோனில் வேலை பார்த்தார். பத்தாவது முடித்ததும் அக்கா பனியன் கம்பெனிக்குப் போனார். முதலில் பிசிறு வெட்டும் வேலை, அப்புறம் மடிக்கும் வேலை, அப்புறம் செக்கிங். தம்பி முனீஸைப் படிக்கவைத்து அவனுக்கு ஒரு வேலை கிடைத்த பிறகுதான் தன் பக்கம் திரும்பினார். தபாலில் பன்னிரண்டாவது, தபாலில் பி.காம். வங்கித் தேர்வு என்ற நினைப்பு வரும்போது வயது இருபத்தெட்டைத் தாண்டியிருந்தது. எழுதிய முதல் தடவை இரண்டாம் கட்டமான மெயின்ஸ் வரைகூடப் போகவில்லை. அவருடைய பிரிவுக்குக் கிடைக்கும் வயதுத் தளர்வையும் சேர்த்துப் பார்த்தால் கிளார்க் தேர்வு எழுத இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் மிச்சம்.

அவருக்கு அந்தப் பகுதி எப்படி அவ்வளவு சுலபமாக வந்தது என்று நான் கேட்டிருக்கிறேன். “கம்பெனியில அதத்தான தம்பி செய்யிதோம்” என்றார். ஏற்றுமதிக்குப் போகும் ஆயிரம் பீஸையும் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. எண்பது பீஸை அங்கங்கே உருவி எடுத்துப் பார்ப்பார்கள். ஐந்து டேமேஜ் வரை இருந்தால் அந்தச் சரக்கு பாஸ். ஆறு வந்தால் மொத்தமும் திரும்பிவிடும். ஒரு முறை நாற்பதாவது பீஸிலேயே ஆறாவது டேமேஜ் வந்துவிட்டது. அக்கா கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டார். சூப்பர்வைசர் சுப்பண்ணன் பக்கத்தில் வந்து நின்றாராம்.

“ஏங்கண்ணு, மிச்ச நாப்பதையும் ஒருக்கா பாத்தறலாமில்ல?”

“பாத்தாக் கூடத்தான் செய்யும் அண்ணே. கொறையவா போவுது?”

சுப்பண்ணன் அந்தச் சரக்கைத் திருப்பச் சொல்லிவிட்டுப் போனார். அதைச் சொல்லும்போது அக்காவின் முகத்தில் இருந்த பெருமையை வேறு எதைச் சொல்லும்போதும் நான் பார்த்ததில்லை.

எங்கள் மையத்தில் வருஷத்துக்கு ஒரு இலவச இடம் உண்டு. மூன்று மாதம், சாயங்காலம் மட்டுமில்லாமல் முழு நாள் வகுப்பு, ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டர். வங்கித் தேர்வு முழுக்கக் கம்ப்யூட்டரில்தான். அக்காவிடம் இருந்தது ஓரத்தில் கீறல் விழுந்த ஒரு செல்போன். ஒரு பரீட்சை வைத்து அதில் முதலாவதாக வருபவருக்கு அந்த இடம். அக்கா சுப்பண்ணனிடம் முன்கூட்டியே பேசிவைத்திருந்தார். இடம் கிடைத்தால் மூன்று மாதம் வேலைக்கு வர மாட்டேன், அப்புறம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று. “போயிட்டு வா கண்ணு, உன்ற டேபிள் எங்கயும் ஓடிறாது” என்று அவரும் சொல்லியிருந்தார்.

அந்தப் பரீட்சைக்கான தாளைப் போட்டது நான்.

போன வருஷத் தாள் வாட்ஸப்பில் சுற்றிக்கொண்டிருந்ததால், கேள்விகளை அப்படியே வைத்துக்கொண்டு வார்த்தைகளை மட்டும் மாற்றச் சொன்னார் சார். பழைய தாளில் ஒரு கேள்வி இருந்தது. ஒரு பண்டிலில் இருக்கும் பனியன்களை ஆறு ஆறாக, ஒன்றும் மிஞ்சாமல் கட்ட முடியுமா? முதல் கூற்று: எண்ணிக்கை இரட்டைப்படை. இரண்டாவது கூற்று: எண்ணிக்கை மூன்றால் வகுபடும். இரட்டைப்படை மட்டும் தெரிந்தால் போதாது. எட்டாகவும் இருக்கலாம், பன்னிரண்டாகவும் இருக்கலாம். மூன்றால் வகுபடும் என்பது மட்டும் தெரிந்தாலும் போதாது. ஒன்பதாகவும் இருக்கலாம், பன்னிரண்டாகவும் இருக்கலாம். இரண்டும் சேர்ந்தால் கட்டாயம் ஆறால் வகுபடும். விடை ஐந்து.

நான் ‘இரட்டைப்படை’யை ‘ஒற்றைப்படை’ ஆக்கினேன். விடையை மாற்றவில்லை. மேஜையில் ஒரு கவிதைத் தொகுப்பு திறந்து கிடந்தது. அரை மனசு அதில் இருந்தது. அதைக் காரணமாகச் சொல்லவில்லை. அப்படி இருந்தது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை பரீட்சை. வியாழக்கிழமை சாயங்காலம் மதிப்பெண் பட்டியலையும் ‘கீ’ என்று நாங்கள் சொல்லும் விடைப் பட்டியலையும் சுவரில் ஒட்டினோம். அர்ஹம் அறுபத்து மூன்று. செல்லத்தாயக்கா அறுபத்தொன்றே முக்கால். சரியான விடைக்கு ஒரு மதிப்பெண், தவறுக்குக் கால் மதிப்பெண் குறையும். எல்லோரும் அர்ஹமின் முதுகில் தட்டிக்கொண்டிருந்தபோது அக்கா சுவரருகே தன் தாளை வைத்துக்கொண்டு நின்றார். எல்லோரும் உட்கார்ந்து வகுப்பு தொடங்கியதும் தன் இடத்தில் எழுந்து நின்றார்.

“சார், அந்தப் பண்டில் கணக்கு. விடை ஒண்ணுதான வரும்? அஞ்சுன்னு ஒட்டியிருக்கு.”

ராஜவேல் சார் பொறுமையாகத்தான் பேசினார். “ஏங்கண்ணு, ஆறால வகுபடோணும்னா என்ன வேணும்? ரெண்டாலயும் வகுபடோணும், மூணாலயும் வகுபடோணும். அப்ப ரெண்டையும் பாக்கோணுமில்ல?”

“வகுபடும்னு சொல்லத்தான் சார் ரெண்டும் வேணும். வகுபடாதுன்னு சொல்ல ஒண்ணு போதும்லா? ஒத்தப்படைன்னு சொல்லியாச்சு. ஒத்தப்படைய எப்படி சார் ஆறு ஆறாக் கட்டுவிய? ஒண்ணு மிஞ்சும், இல்ல மூணு மிஞ்சும், இல்ல அஞ்சு மிஞ்சும்.”

“கேட்டது கட்ட முடியுமான்னு கண்ணு. உன்ற கணக்குல முடியாதுன்னு வருதே.”

“முடியாதுங்கதும் பதில்தான சார்? தெரியலங்கதுதான் போதாது. முடியாதுன்னு தெரிஞ்சுபோச்சுல்லா.”

யாரோ சிரித்தார்கள். “முப்பத்தொரு பேரு அஞ்சு போட்டிருக்காங்க்கா, உங்களுக்கு மட்டுந்தான் தெரியுமாக்கும்” என்று ஒரு குரல் வந்தது. சார் தலையைத் தூக்கி வகுப்புக்குப் பின்னால் இருந்த என்னைப் பார்த்தார்.

“ஜாவித், நீ போட்ட பேப்பர்தான? கீ சரிதான?”

நாற்பது முகங்களும் திரும்பின. எனக்கு அப்போதே தெரியும். ‘ஒத்தப்படை’ என்ற சொல் அக்காவின் வாயிலிருந்து வந்த நொடியிலேயே தெரியும். அவர் சொன்னது சரி. விடை ஒன்று. திருத்தினால் அக்காவுக்கு ஒன்றேகால் கூடும், அர்ஹமுக்கு ஒன்றேகால் குறையும், இருவர் மதிப்பெண்ணும் இடம் மாறிவிடும். அதைக்கூட அங்கேயே மனசுக்குள் போட்டுப் பார்த்துவிட்டேன். அர்ஹம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாயைத் திறந்தால் நாற்பது பேர் முன்னால் பேச வேண்டும். நான் தப்புப் பண்ணினேன் என்று தொடங்க வேண்டும்.

தலையை ஆட்டினேன்.

“பாத்தியா கண்ணு” என்றார் சார். அக்கா உட்கார்ந்துவிட்டார்.

வகுப்பு முடிந்து படியிறங்கும்போது லேபிள் கடை வாசலில் அக்கா நின்றிருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை.

“தம்பி, அவசரத்துல தலையாட்டிட்டிய போல. வீட்டுல போயி நிதானமா ஒருக்கா பாருங்க. ஒரு கூற்ற மூடிக்கிட்டுப் பாருங்க. ஞாயித்துக்கெழம கிளாஸ் ஆரம்பிக்கதுக்குள்ள சார்ட்டச் சொன்னாப் போதும்.”

“பாக்கறேங்க்கா” என்றேன்.

வீட்டுக்குப் போனால் அர்ஹமின் அம்மா, என் சாச்சி அமீருன்னிசா, ஒரு டப்பா நிறைய அல்வாவோடு வந்து உட்கார்ந்திருந்தார். “அவங்கப்பா இவனால ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லிட்டே இருந்தாரு ஜாவித். இன்னிக்கு அந்த மனுசன் வாயத் தொறக்கல பாரு” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அல்வாவை வாயில் போட்டுக்கொண்டேன். வெள்ளிக்கிழமை மையத்துக்குப் போனேன், சார் அறை வாசல் வரைக்கும். உள்ளே போனில் யாரிடமோ, “பேப்பரெல்லாம் நம்ம பையன்தானுங்க போடறான், ஒரு தப்பு இருக்காதுங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார். திரும்பி வந்துவிட்டேன். சனிக்கிழமை போகவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை அர்ஹம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான்.

அக்கா அதற்குப் பிறகு வகுப்புக்கு வரவில்லை. செக்கிங் டேபிளில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு படிக்கிறார் என்று கேள்விப்பட்டேன். பிரிலிம்ஸ் பாஸ் செய்துவிட்டார். அதைக் கேட்டபோது எனக்கு வந்த நிம்மதியை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. அவர் பாஸாகிவிட்டால் நான் செய்தது ஒன்றுமில்லாமல் போய்விடும் என்று நம்பினேன்.

அர்ஹம் ஆறாவது வாரம் நின்றுவிட்டான். ஆன்லைனில் டீ-சர்ட் விற்கும் நண்பனோடு சேர்ந்துகொண்டான். “நமக்கு இது செட்டாகல ஜாவித்தண்ணா” என்றான். அவன் கம்ப்யூட்டரை ஒரு பழைய துணி போட்டு மூடி வைத்தார்கள். அந்த மேஜையைத் தாண்டித்தான் நான் தினமும் என் இடத்துக்குப் போக வேண்டும்.

மெயின்ஸ் முடிவு வந்த வாரம், அக்கா வேலை பார்க்கும் கம்பெனிக்குப் போனேன். பல்லடம் ரோட்டில் உள்ளே தள்ளி இருந்தது. மதிய இடைவேளை. வெளியே பேக்கரியில் டீ கிளாஸோடு நின்றிருந்தார். தலைமுடியில் பஞ்சுப் பிசிறு ஒட்டியிருந்தது.

“என்ன ஜாவித் சார், இம்புட்டு தூரம்?” என்று சிரித்தார். ‘சார்’ என்பது கேலி.

“ரிசல்ட்டுங்க்கா…”

“ஒண்ணரை மார்க்கு கம்மி. ஒம்பது கேள்விய கண்ணாலயே பாக்கல. மவுசு எங்கிட்டோ போவுது, நான் எங்கிட்டோ போறேன். ஒரு பக்கத்துல இருந்து மறு பக்கத்துக்குப் போவதுக்குள்ள நேரம் முடிஞ்சுபோச்சு. ‘தகவல் போதுமா’ அஞ்சு கேள்வியும் போட்டுட்டேன், அது பரவால்ல.” டீயைக் குடித்தார். “அடுத்த தடவை எழுத வயசு விடாது. சரி, நீங்க என்ன விசயமா வந்திய?”

சொன்னேன். தாளில் ஒரு சொல்லை மாற்றியதை, விடையை மாற்றாததை, தலையாட்டியதை, சார் அறை வாசல் வரைக்கும் போனதை. எல்லாவற்றையும் கீழே பார்த்துக்கொண்டே சொன்னேன்.

“அன்னைக்கே தெரியுமா?”

“தெரியுமுங்க்கா.”

“தலையாட்டுததுக்கு முன்னாலயா, பொறவா?”

“முன்னாலயேங்க.”

கிளாஸைக் கீழே வைத்தார். “நான் உங்களுக்குப் புரியலன்னு நெனச்சேன். படிக்கட்டுல நின்னு மூடிப் பாருங்கன்னு பாடம் வேற எடுத்தேன்.” சிரிக்க முயன்றார், வரவில்லை. “சாச்சி மகனுக்காகவா?”

“தெரியலீங்க்கா. பயமும்தான்.”

“இத எங்கிட்ட வந்து சொல்லி எனக்கு என்ன தம்பி புதுசு? விடை ஒண்ணுன்னு எனக்குத் தெரியும். தெரியாதது அந்த நாப்பது பேருக்கு. அன்னைக்குப் படியெறங்கையில ஒரு பிள்ள சொல்லுது, ‘பனியன் கம்பெனியில இருந்து வந்துட்டு கீயில தப்பு கண்டுபிடிக்கா’ன்னு. அது இன்னும் காதுல கெடக்கு. தலையாட்டினது அங்கன. பேசுதது இங்கனயா?”

இடைவேளை முடிந்து பெல் அடித்தது. அக்கா திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார். மேஜையில் டீ பாதி மிச்சம் இருந்தது. காசை அவர் முன்பே கொடுத்திருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பு தொடங்குவதற்கு முன்பு சாரிடம் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார். “இப்ப சொல்லி என்ன பண்றது ஜாவித்? அந்தப் புள்ளைக்கும் வயசு முடிஞ்சுருச்சு. மையத்துப் பேரு கெடறதுதான் மிச்சம்” என்றார். நான் அறையை விட்டு வெளியே வந்து நேராகப் போர்டுக்கு முன்னால் போய் நின்றேன். பாதிப் பேர் பழையவர்கள், பாதிப் பேர் புதியவர்கள். சாக்பீஸ் இரண்டு தடவை கீழே விழுந்தது. பண்டில் கணக்கை எழுதினேன். முதல் கூற்று, இரண்டாவது கூற்று. இரண்டாவதைக் கையால் மறைத்துக்கொண்டு படித்துக் காட்டினேன். ஒற்றைப்படை. ஆறு ஆறாகக் கட்ட முடியாது. முடியாது என்று உறுதியாகத் தெரிந்துவிட்டால் அதுவே விடை. முதல் கூற்று மட்டும் போதும்.

“இதைச் செல்லத்தாய்னு ஒருத்தங்க போன வருசம் இதே ரூம்ல எந்திரிச்சு நின்னு சொன்னாங்க. அவங்க சொன்னது சரி. அது எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சுட்டே கீ சரின்னு தலையாட்டினேன். மொத மார்க்கும் அந்த இலவச சீட்டும் அவங்களுதுதான்.”

குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன். பழையவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சார் கதவருகே நின்றிருந்தார், உள்ளே வரவில்லை. கடைசி பெஞ்சில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் கை தூக்கினாள்.

“சார், அப்புறம் அந்தக்காவுக்கு சீட்டு குடுத்துட்டீங்களாங்க?”

சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு நிறைய இருந்தது. அர்ஹம் நின்றது, வயது வரம்பு, ஒன்றரை மதிப்பெண். அவள் அதையெல்லாம் கேட்கவில்லை.

“இல்லீங்க” என்றேன்.